கிளாஸுக்கு வருவது குறைந்தால் பெற்றோரிடம் எந்தத் தொனியில் சொல்வது? (10ஆம் வகுப்பு, மும்பை)

கோலிவாடா_கிளாஸ்

மகாராஷ்டிரா போர்டு, 10ஆம் வகுப்பு, கணக்கு பேட்ச். வாரம் 4 நாள், சாயங்காலம் 7 முதல் 8.30 வரை. ஒரு பையன் ஜூலையில் 16 கிளாஸில் 15 வந்தான். ஆகஸ்டில் விடுமுறை போக நடந்த 16இல் 9தான். அப்பா ஷிப்ட் வேலை. அம்மா இட்லி வியாபாரம், விடியற்காலை 3 மணிக்கே எழுந்துவிடுவார். வீட்டில் தமிழ்தான் பேச்சு.

அம்மாவுக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் எழுதி வைத்திருப்பது இது:

"வணக்கம். உங்கள் மகன் ஒரு மாதமாக கிளாஸுக்கு ஒழுங்காக வருவதில்லை. பலமுறை சொல்லியும் கேட்பதில்லை. இப்படியே போனால் 10ஆம் வகுப்பில் பாஸ் ஆவது கஷ்டம். தயவுசெய்து கவனிக்கவும்."

தொனி சரியாக இருக்கிறதா? கடுமை கூடியிருக்கிறதா, குறைவா?

மாடுங்கா_கணக்கு

கடுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்புறம். இந்த நாலு வரியில் எந்த வரி அந்த வீட்டில் என்ன செய்யும் என்று முதலில் பாருங்கள்.

"ஒழுங்காக வருவதில்லை." இதில் சிக்கல் வினையில் இருக்கிறது. "வரவில்லை" என்றால் அந்த நாள் வரவில்லை என்ற செய்தி. "வருவதில்லை" என்றால் அது அவன் வழக்கம், அவன் குணம். இன்னும் ஒரு படி மேலே போய் "வரமாட்டேங்கிறான்" என்று சொன்னால் பிடிவாதம். மூன்றும் ஒரே 7 நாளைத்தான் சொல்கின்றன, ஆனால் பெற்றோர் காதில் மூன்றும் வேறு வேறு. உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது முதலாவது மட்டும். அதனால் "12ஆம் தேதி வரலை, 14ஆம் தேதி வரலை" என்று தேதியோடு சொல்லுங்கள். தேதி சொன்னால் அம்மா தன் மனசில் ஒத்துப் பார்த்துக்கொள்வார்: அன்றைக்கு வீட்டில் விசேஷமா, காய்ச்சலா, இல்லை கிளாஸுக்குப் போகிறேன் என்று கிளம்பினானா. "ஒழுங்காக" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவரால் எதையும் சரிபார்க்க முடியாது, கோபப்பட மட்டும்தான் முடியும்.

"பலமுறை சொல்லியும் கேட்பதில்லை." இந்த வரியை எடுத்தே ஆகவேண்டும். இது வருகையைப் பற்றிய வரி இல்லை, மரியாதையைப் பற்றியது. பையன் டீச்சர் பேச்சை மதிக்கவில்லை என்று வீட்டில் போய்ச் சேரும். அன்று ராத்திரி அடி விழுந்தால் பெரும்பாலும் இந்த வரிக்காகத்தான் விழும்.

"பாஸ் ஆவது கஷ்டம்." போர்டு பரீட்சைக்கு இன்னும் 5 மாதத்துக்கு மேல் இருக்கிறது. இப்போதே கடைசி மிரட்டலைச் செலவழித்துவிட்டால் ஜனவரியில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

"கவனிக்கவும்." யார், எதை, எப்போது கவனிக்க வேண்டும்? இதற்கு "சரி டீச்சர்" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். கடைசி வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும், அதுவும் "சரி" என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக. "அந்த நாள்ல வீட்டுல இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினான்னு ஞாபகம் இருக்கா?" என்பது மாதிரி.

ஒரு தகவல் தேவை. வராத 7 நாள் எந்தெந்த நாள்? கிழமை வாரியாகப் பிரித்துப் போடுங்கள்.

ஆர்_கே_புரம்_அப்பா

டெல்லியிலிருந்து. சிபிஎஸ்இயில் 75 சதவீத வருகை இல்லையென்றால் பரீட்சை எழுதவே விடமாட்டார்கள். அதை நேரடியாகச் சொல்லிவிட்டால் போதுமே, தொனி எதற்கு? மருத்துவச் சான்றிதழ் இருந்தால் கொஞ்சம் தளர்த்துவார்கள், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோலிவாடா_கிளாஸ்

ஐயா, நீங்கள் சொல்வது ஸ்கூல் வருகை. இது தனியார் கிளாஸ். பையன் ஸ்கூலுக்குத் தினமும் போகிறான். இங்கே எந்தச் சதவீத விதியும் இல்லை, அதனால்தான் எப்படிச் சொல்வது என்ற கேள்வியே வருகிறது.

@மாடுங்கா_கணக்கு, பிரித்துப் பார்த்தேன். திங்கள், புதன் அல்ஜிப்ரா. செவ்வாய், வியாழன் ஜியாமெட்ரி. வராத 7 நாளில் 6 ஜியாமெட்ரி, 1 அல்ஜிப்ரா. ஆகஸ்ட் முதல் வாரம்தான் வட்டம் பாடம் ஆரம்பித்தது.

மாடுங்கா_கணக்கு

அப்படியானால் தொனி தானாகவே மாறிவிட்டது. 8 ஜியாமெட்ரி கிளாஸில் 6 விட்டிருக்கிறான், 8 அல்ஜிப்ராவில் 7 வந்திருக்கிறான். ஊர் சுற்றுகிறவனுக்குக் கிழமை தெரியாது. இவன் ஒரு பாடத்தைப் பார்த்து ஒதுங்குகிறான்.

வட்டத்தில் தேற்றங்கள் வரிசையாக வரும்: தொடுகோடு, நாண், வில், வட்ட நாற்கரம். ஒன்றை நிரூபிக்க முந்தையது தேவை. முதல் இரண்டு கிளாஸ் நழுவினால் மூன்றாவதில் போர்டில் எழுதுவது என்னவென்றே புரியாது. புரியாமல் ஒன்றரை மணி நேரம் உட்காருவதைவிட வராமல் இருப்பது அவனுக்குச் சுலபம். இதைத்தான் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்: "அல்ஜிப்ராவுக்குச் சரியா வர்றான். ஜியாமெட்ரி நாள்லதான் வரலை." இந்த இரண்டு வாக்கியமும் இதே வரிசையில். முதலாவது உண்மை, புகழ்ச்சி இல்லை. ஆனால் அதைக் கேட்டபிறகு இரண்டாவதைக் கேட்கிற அம்மா, பையன் கெட்டுப்போய்விட்டான் என்று நினைக்கமாட்டார்.

எழுத்துத் தேர்வு அல்ஜிப்ரா 40, ஜியாமெட்ரி 40, உள்மதிப்பீடு 20. பாதி பேப்பரை விட்டுவிடுகிறான் என்பது தெரியவேண்டிய விஷயம்தான், ஆனால் முதல் தடவை அது வேண்டாம்.

செம்பூர்_கோச்சிங்

இவ்வளவு யோசித்தால் கிளாஸ் நடத்த முடியாது. பேட்சுக்கு 40 பிள்ளைகள். மாதக் கடைசியில் எல்லாப் பெற்றோருக்கும் சதவீதம் போய்விட வேண்டும். 80க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை, 60க்குக் கீழே இருந்தால் பெற்றோர் நேரில் வரணும், பாக்கி ஃபீஸையும் அதிலேயே நினைவூட்டணும். அன்றன்றைக்கு வராதவர்களுக்கு கிளாஸ் ஆரம்பித்த 15 நிமிடத்தில் மெசேஜ். எல்லோருக்கும் ஒரே வாசகம். ஒரே வாசகமாக இருந்தால் யாரும் தன்னை மட்டும் குறிவைத்ததாக நினைக்கமாட்டார்கள். அதுதான் நல்ல தொனி.

மாடுங்கா_கணக்கு

பாதி சரி, அந்தப் பாதி முக்கியமானது. அன்றன்றைய மெசேஜ் கட்டாயம் வேண்டும், எல்லோருக்கும் ஒரே வாசகத்தில்தான் வேண்டும். அது பிள்ளை எங்கே என்ற பாதுகாப்புக் கேள்வி. அதில் உணர்ச்சியே இருக்கக்கூடாது: "இன்னைக்கு 7 மணி கிளாஸுக்கு இன்னும் வந்து சேரலை. வீட்டுல இருக்கானா?" அவ்வளவுதான். 7.15க்கு அனுப்பினால் அம்மா உடனே தேட முடியும். 9 மணிக்கு அனுப்பினால் பையன் வீட்டுக்கு வந்திருப்பான், அது விசாரணையாக மாறிவிடும்.

ஆனால் ஒரு மாதத்துப் போக்கைச் சொல்வது வேறு வேலை. அதற்கு இந்தப் பொது வாசகம் உதவாது. சதவீதமும் உதவாது. இந்தப் பையனுக்கு 56 சதவீதம். 35க்குப் பாஸ் என்று பழகிய வீட்டில் 56 என்பது மோசமான எண்ணாகவே படாது. "16இல் 7 நாள் வரலை" என்றால் உடனே புரியும்.

ஃபீஸை அதே மெசேஜில் சேர்ப்பது தவறு. இரண்டும் சேர்ந்து வந்தால் பெற்றோர் ஃபீஸை மட்டும்தான் படிப்பார்கள். பணத்துக்காகத்தான் வருகையைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒரு தடவை தோன்றிவிட்டால், அடுத்து நீங்கள் சொல்கிற எதுவும் பையனுக்காகச் சொன்னதாக இருக்காது.

தாராவி_அக்கா

தம்பி, வாசகம் எல்லாம் நல்லா இருக்கு. அதைப் படிக்கப்போறது யாருன்னு யாரும் கேட்கலையே?

இங்கே பிறந்து வளர்ந்த அம்மாக்கள் நிறைய பேருக்குத் தமிழ் பேச வரும், தமிழ் எழுத்து வராது. ஹிந்தி மீடியத்துலயோ மராத்தி மீடியத்துலயோ படிச்சிருப்பாங்க. ஊர்ல இருந்து கல்யாணமாகி வந்தவங்களுக்குத் தமிழ் எழுத்து வரும், இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சா திணறுவாங்க. அதனால போன்ல வர்ற மெசேஜை யார் படிச்சுச் சொல்றாங்க? வீட்டுல படிச்ச பிள்ளை. அதாவது அந்தப் பையனே. டீச்சர் என்ன போட்டிருக்காங்கன்னு அம்மா கேட்டா, "நாளைக்கு டெஸ்ட்டாம்"னு சொல்லிட்டு அழிச்சிடுவான். உங்க போன்ல நீல டிக் இருக்கும். அம்மாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.

இது நடக்குதான்னு கண்டுபிடிக்க வழி இருக்கு. பதில் எப்ப வருது, எப்படி வருதுன்னு பாருங்க. அந்தம்மா வழக்கமா குரல்ல பதில் அனுப்புறவங்களா இருந்து, இதுக்கு மட்டும் "ஓகே மேம்"னு எழுத்துல வந்தா, அது பையன் போட்டது.

முதல் தடவை கட்டாயம் போன் பண்ணிப் பேசுங்க. எப்பன்னா, இட்லி வித்து முடிச்சு, பாத்திரம் கழுவி, பகல் 11லிருந்து 12க்குள்ள. பையன் ஸ்கூல்ல இருக்கற நேரமாவும் இருக்கணும். ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட்டா 3 மணிக்கு எழுந்த உடம்பு, பாதி தூக்கத்துல என்ன சொன்னாலும் கோபம்தான் வரும். அதே நேரம் அப்பாவும் வீட்டுல இருப்பார், ஸ்பீக்கர்ல போட்டுருவாங்க, பக்கத்து அறை வரைக்கும் கேக்கும். நம்ம வீடு எல்லாம் பத்துக்குப் பத்து. அங்கே எதுவும் தனியாச் சொன்னதா இருக்காது.

வாய்ஸ் மெசேஜ் அனுப்புறதா இருந்தா அரை நிமிஷத்துக்கு மேல வேணாம். அது அப்பாவுக்கு, மாமாவுக்கு, ஊர்ல இருக்கற தாத்தாவுக்குன்னு போகும். யார் கேட்டாலும் பையனுக்கு அவமானம் இல்லாத மாதிரி பேசுங்க.

கோலிவாடா_கிளாஸ்

அக்கா, அந்த ஓகே மேம் எனக்கு வந்திருக்கிறது. போன மாதம் 21ஆம் தேதி, 7.20க்கு. அவர் எப்போதும் குரலில்தான் பேசுவார். போன்தான் சரி.

பெங்களூர்_வித்யா

குறுக்கே ஒரு கேள்வி. நான் பிள்ளைகள் வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருகிறேன். அங்கே வருகை குறைவது என்றால், நான் போகும்போது "இன்னைக்கு வேணாம் மிஸ், உறவுக்காரங்க வந்திருக்காங்க" என்று திருப்பி அனுப்புவது. இதை எந்தத் தொனியில் சொல்வது? சம்பளமும் நாள் கணக்கில் பிடிக்கிறார்கள்.

மாடுங்கா_கணக்கு

அங்கே ரத்து செய்வது பெற்றோர். அவர்களுக்குத் தெரியாத தகவல் என்று எதுவும் இல்லை. அதனால் அது தெரிவிப்பது இல்லை, ஒப்பந்தம் பேசுவது. எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் அந்த நாள் கணக்கில் வராது என்பதை மாத ஆரம்பத்தில் பேசி முடித்துவிடுங்கள். தனி இழை போட்டால் நன்றாக விவாதிக்கலாம்.

கோலிவாடா_கிளாஸ்

இன்னொன்று. அம்மாவிடம் பேசப்போகிறேன் என்பதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லவேண்டுமா?

மாடுங்கா_கணக்கு

சொல்லவேண்டும். முதல் நாள், கிளாஸ் முடிந்து மற்றவர்கள் போனபிறகு, இரண்டு நிமிடம். "நாளைக்கு அம்மாகிட்ட பேசப்போறேன். நீ வராத தேதிகளைச் சொல்லுவேன், ஜியாமெட்ரி நாள்னும் சொல்லுவேன். வேற எதுவும் சொல்லமாட்டேன். நான் சொல்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிடறதுன்னா சொல்லிடு." பாதிப் பிள்ளைகள் அன்றைக்கே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் செய்தால் நீங்கள் போட்டுக்கொடுத்தவர். அதன்பிறகு புரியாத கணக்கை உங்களிடம் கேட்கமாட்டான், அதுதானே அடிப்படைச் சிக்கல்.

தாராவி_அக்கா

எல்லாப் பையனுக்கும் இது ஒத்துவராது. முன்னாடியே சொன்னா, அம்மா போனை ராத்திரியே எடுத்து உங்க நம்பரை பிளாக்ல போடற பிள்ளை இருக்கு. கதை ஜோடிச்சு வைக்கிற பிள்ளையும் இருக்கு. "டீச்சர் என்னைக் கண்டாலே திட்றாங்க"ன்னு அவன் முந்திச் சொல்லிட்டா, உங்க தேதி எல்லாம் எடுபடாது. ஏற்கெனவே ஒருதடவை போன்ல பதில் போட்டவன் இவன்.

மாடுங்கா_கணக்கு

அந்த ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் 15 வயசுப் பையன் முதுகுக்குப் பின்னால் பேசுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

செம்பூர்_கோச்சிங்

இதில் அக்கா பக்கம்தான் நான். முதலில் பெற்றோர், பிறகு பையன்.

தாராவி_அக்கா

ஒண்ணு மட்டும் ரெண்டு பேருக்கும் சொல்றேன். பையன் கையிலயோ கழுத்துலயோ அடிச்ச தடம் இருந்தாலோ, வீட்டுக்குச் சொல்லப்போறேன்னதும் நடுங்கினாலோ, அந்த அழைப்பையே தள்ளிப்போடுங்க. அது வருகை விஷயமே இல்ல. அவன்கிட்ட தனியாப் பேசுங்க, தேவைப்பட்டா 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்க.

கோலிவாடா_கிளாஸ்

அப்படி எதுவும் இல்லை அக்கா, கவனித்துப் பார்த்தேன். அம்மா சாது. அப்பாதான் கொஞ்சம் கோபக்காரர் என்று பையனே சொல்வான்.

பேசப்போவதை எழுதிப் பார்த்தேன்:

"வணக்கம்மா, கிளாஸ்ல இருந்து பேசறேன். தம்பி நல்லா இருக்கான், பயப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிஷம் பேசலாமா? ஆகஸ்ட்ல 16 கிளாஸ் நடந்துச்சு, 9க்கு வந்தான், 7 நாள் வரலை. அல்ஜிப்ராவுக்கு எல்லாம் வந்திருக்கான், ஒரு நாள்தான் விட்டது. ஜியாமெட்ரி நாள்ல மட்டும் 6 தடவை வரலை. அந்தப் பாடம் பாதியில விட்டதால புரியாமப் போயிருக்கும்னு நினைக்கிறேன். 12, 14, 19, 21 இந்தத் தேதியில அவன் வீட்டுல இருந்தானா, கிளாஸுக்குன்னு கிளம்பினானா? ஏன் வரலைன்னு கேட்டுச் சொல்லுங்க. நாங்க என்ன செய்யணுமோ செய்யறோம்."

மாடுங்கா_கணக்கு

"பயப்பட ஒண்ணுமில்ல" முதலில் வருவது மிகச் சரி. பகலில் கிளாஸிலிருந்து போன் வந்தாலே அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும்.

மூன்று இடம் மாற்றுங்கள். தேதிகளைக் கிழமையோடு சொல்லுங்கள். வியாபாரம் செய்கிறவருக்குத் தேதியைவிடக் கிழமை நினைவிருக்கும்.

"ஏன் வரலைன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றால் விசாரணையை அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். "ஏன்" என்ற சொல் அப்படியே பையனிடம் போகும்: "ஏன்டா போகல?" அதற்கு அவன் ஒன்றும் சொல்லமாட்டான். அதற்குப் பதில், "எந்த இடத்துல புரியலைன்னு நானே அவன்கிட்ட கேக்கறேன். நீங்க செவ்வாய், வியாழன் 6.45க்குக் கிளம்பினானான்னு மட்டும் பாத்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரியுங்கள்.

கடைசி வரியில் "நாங்க" வேண்டாம், "நாம". "நாங்க செய்யறோம்" என்றால் அம்மா வெளியே நிற்கிறார். "நாம பாத்துக்கலாம்" என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். தமிழில் இந்த இரண்டு சொல் தனித்தனியாக இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விட்ட வட்டம் பாடத்துக்கு நீங்கள் என்ன தருவீர்கள் என்பதும் வேண்டும். சனிக்கிழமை இரண்டு தடவை, ஒவ்வொரு மணி நேரம், என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். அது இல்லாமல் அவனை வியாழக்கிழமை கொண்டுவந்து உட்கார வைத்தால், அவன் வருவான், போர்டைப் பார்ப்பான், ஒன்றும் புரியாது. இரண்டு வாரத்தில் மறுபடி நின்றுவிடுவான்.

கோலிவாடா_கிளாஸ்

சனிக்கிழமை 4 மணிக்கு என்னால் எடுக்க முடியும். ஒரு வாரம் பார்த்தும் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது தடவை தொனியைக் கடுமையாக்கலாமா?

மாடுங்கா_கணக்கு

குரல் அதேதான். கேட்பது மட்டும் பெரிதாகும். முதல் அழைப்பில் தகவல் கேட்டீர்கள். இரண்டாவதில் நேரம் கேளுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷம் நேர்ல பேசலாமா, தம்பியும் கூட இருக்கட்டும்." ஜியாமெட்ரி 40 மார்க் என்ற கணக்கை அங்கே, நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மூன்றாவதில்தான் முடிவு: இந்த பேட்சில் தொடர்வதா, நேரத்தை மாற்றுவதா, நிறுத்துவதா.

கோலிவாடா_கிளாஸ்

நாளை 11.15க்குக் கூப்பிடுகிறேன். பையனிடம் முன்னால் சொல்வதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. இன்று புதன், அல்ஜிப்ரா, எப்படியும் வருவான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். அந்த நேரத்தில் அப்பா போனை எடுத்துவிட்டால்?

தாராவி_அக்கா

"வணக்கம் அண்ணா, அக்காகிட்ட சனிக்கிழமை கிளாஸ் நேரம் பத்திப் பேசணும்"னு சொல்லுங்க. அது பொய் இல்லையே, சனிக்கிழமை கிளாஸ் வெக்கத்தானே போறீங்க. அவரே என்ன விஷயம்னு கேட்டா மறைக்காதீங்க. "ஜியாமெட்ரியில கொஞ்சம் பின்தங்கியிருக்கான், சேர்த்துச் சொல்லித்தரப்போறேன்"னு அதையே முதல்ல சொல்லிட்டு, தேதிகளை அதுக்கு அப்புறம் சொல்லுங்க.